ஜிங்க்–காப்பர் கலத்தில் மீட்டர் ஏன் மைனஸ் காட்டியது? எலக்ட்ரான் எந்தப் பக்கம் போகிறது?

கயல்
வணக்கம். நான் பிளஸ் டூ, தமிழ்வழி. நேற்று ஆய்வகத்தில் டேனியல் கலம் செய்தோம். ஒரு பீக்கரில் ஜிங்க் சல்பேட் கரைசலும் ஜிங்க் தகடும், இன்னொரு பீக்கரில் காப்பர் சல்பேட்டும் காப்பர் தகடும். இரண்டுக்கும் நடுவில் பொட்டாசியம் நைட்ரேட்டில் நனைத்த வடிதாள் பட்டை, அதுதான் உப்புப் பாலம்.

ஆக்சிஜனேற்றம் நடக்கிற இடம் ஆனோடு, ஆனோடு என்றால் நேர்மின்முனை என்று படித்திருக்கிறேன். ஜிங்க்தான் கரைகிறது, அதாவது ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்படியானால் ஜிங்க் நேர்மின்முனை. அதனால் மீட்டரின் சிவப்பு வயரை ஜிங்கிலும் கறுப்பு வயரைக் காப்பரிலும் வைத்தேன். −1.07 வோல்ட் வந்தது. மாற்றி வைத்தால் +1.07. அப்படியானால் காப்பர்தானே நேர்? நான் எங்கே தப்பு செய்தேன்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். காப்பருக்குப் பதில் சில்வர் போட்டு ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஜிங்க் −0.76, சில்வர் +0.80. ஒரு ஜிங்குக்கு இரண்டு சில்வர் வேண்டும், அதனால் 0.80-ஐ இரண்டால் பெருக்கி 1.60, அதோடு 0.76 சேர்த்து 2.36 என்று எழுதினேன். விடை 1.56 என்கிறார்கள். எலக்ட்ரான் இரண்டு மடங்கு போகிறதே, வோல்ட் மட்டும் ஏன் கூடவில்லை?

மின்னல்ராஜா
கயல், இதுக்கு ஒரு சுலப வழி இருக்கு. ஆனோடு எப்பவும் மைனஸ், கேத்தோடு எப்பவும் பிளஸ். இதை மனசுல வச்சுக்கோ, வேற எதுவும் வேண்டாம். ஜிங்கில எலக்ட்ரான் கிளம்புது, வயர் வழியா காப்பருக்கு வருது, அங்கிருந்து கரைசல்ல இறங்கி, உப்புப் பாலம் வழியா திரும்ப ஜிங்குக்கே போயிடுது. சுற்று முழுசாகணும்ல, அதுக்குத்தான் அந்தப் பாலம். பாலத்தை எடுத்தா எலக்ட்ரானுக்குத் திரும்பிப் போக வழி இல்ல, கரன்ட் நின்னுடும்.

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
ராஜா, எலக்ட்ரான் ஜிங்கிலிருந்து வயர் வழியாகக் காப்பருக்கு வருகிறது என்பது வரை சரி. பாலத்தை எடுத்தால் நின்றுவிடும் என்பதும் சரி. நடுவில் சொன்ன இரண்டும் சரியில்லை. எலக்ட்ரான் கரைசலில் இறங்குவதில்லை. ஆனோடு எப்போதும் மைனஸும் இல்லை. முதலாவதை இப்போது பார்ப்போம், இரண்டாவதற்குப் பிறகு வருகிறேன்.

கயல், பெயர்களைச் சற்று ஓரம் வை. நேர், எதிர், ஆனோடு, கேத்தோடு எதுவும் வேண்டாம். எலக்ட்ரான் ஒன்றின் பின்னாலேயே நட.

ஜிங்க் தகட்டின் மேற்பரப்பில் ஓர் அணு இருக்கிறது. அது இரண்டு எலக்ட்ரானைத் தகட்டிலேயே விட்டுவிட்டு Zn²⁺ ஆகக் கரைசலுக்குள் போகிறது. விட்டுப்போன எலக்ட்ரான்கள் தகட்டில் சேர்கின்றன. எலக்ட்ரான் சேர்ந்த உலோகம் எந்தக் குறியாக இருக்கும்? மைனஸ். ஜிங்க் தகடு மைனஸ் ஆனது இப்படித்தான். காப்பர் பக்கத்தில் Cu²⁺ அயனி தகட்டைத் தொட்டு, அதிலிருந்து இரண்டு எலக்ட்ரானை எடுத்துக்கொண்டு காப்பர் அணுவாகப் படிகிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்த தகடு பிளஸ்.

வயரால் இணைத்ததும் எலக்ட்ரான் நிறைந்த ஜிங்கிலிருந்து குறைந்த காப்பருக்குப் போகிறது. அங்கே ஒரு Cu²⁺ அதை எடுத்துக்கொண்டதும் அதன் பயணம் முடிந்தது. அது ஜிங்குக்குத் திரும்பவே திரும்பாது, காப்பர் படிவுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு ஜிங்க் அணு கரைந்தால் ஒரு காப்பர் அணு படியும். எடை போட்டும் பார்க்கலாம். 10 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் 36 கூலோம். அதற்கு ஜிங்க் ஏறத்தாழ 12.2 மில்லிகிராம் குறையும், காப்பர் ஏறத்தாழ 11.9 மில்லிகிராம் கூடும். மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தால் தெரியும், சாதாரணப் பள்ளித் தராசில் தெரியாது.

பாலத்தில் நகர்வது அயனிகள். ஜிங்க் பீக்கரில் Zn²⁺ கூடிக்கொண்டே போகிறது, அதைச் சரிக்கட்ட நைட்ரேட் அந்தப் பக்கம் போகிறது. காப்பர் பீக்கரில் Cu²⁺ குறைந்து சல்பேட் மிஞ்சுகிறது, அங்கே பொட்டாசியம் போகிறது. இது நடக்காவிட்டால் கரைசல்களிலேயே மின்னூட்டம் தேங்கி, அடுத்த எலக்ட்ரானைக் கிளம்பவிடாமல் தடுத்துவிடும். பாலத்தை எடுத்ததும் மின்னோட்டம் நிற்பது இதனால்தான்.

உன் மீட்டருக்கு வருகிறேன். சிவப்பு வயர் தொடுகிற உலோகத்தை, கறுப்பு வயர் தொடுகிற உலோகத்தோடு ஒப்பிட்டுத்தான் அது எண் காட்டுகிறது. பிளஸ் காட்டினால், வெளிச்சுற்றில் எலக்ட்ரான் கறுப்பிலிருந்து சிவப்புக்குப் போகும். மைனஸ் காட்டினால் சிவப்பிலிருந்து கறுப்புக்கு. நீ சிவப்பை ஜிங்கில் வைத்து −1.07 பார்த்தாய். எலக்ட்ரான் ஜிங்கிலிருந்து கிளம்புகிறது என்று மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீயும் தப்பு செய்யவில்லை, உன்னை வழிமாற்றியது அந்தச் சொல்.

கயல்
எலக்ட்ரான் திரும்பி வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன் சார். படத்தில் அம்புக்குறி வட்டமாகவே போட்டிருக்கும். ஆனால் ஆனோடு நேர்மின்முனை என்பது தப்பா? அப்படித்தானே படித்தேன்?

வேதவல்லி_யாழ்
நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். இந்தச் சொல் பிரச்சினை எங்களுக்கு வேறு மாதிரி வரும். நாங்கள் இங்கே அனோட்டு, கதோட்டு எண்டுதான் சொல்லுறது. ஒட்சியேற்றம் நடக்கிற மின்வாய் அனோட்டு, தாழ்த்தல் நடக்கிற மின்வாய் கதோட்டு. சொல்லுக்குள் நேர், எதிர் இல்லை. அதனால் கயல் விழுந்த குழியில் எங்கட பிள்ளைகள் விழுறதில்லை. ஆனால் அவர்கள் ராஜா சொன்ன மாதிரி "அனோட்டு எண்டால் மறை" எண்டு பாடமாக்கிவிட்டு, மின்பகுப்புக் கணக்கு வந்ததும் அப்படியே தலைகீழாக எழுதுவார்கள்.

அனோட்டு, கதோட்டு இரண்டும் 1834-இல் ஃபாரடே வழக்குக்குக் கொண்டுவந்த சொற்கள். கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெலிடம் யோசனை கேட்டுத்தான் எடுத்தார். கிரேக்கத்தில் ஒன்று ஏறும் வழி, மற்றது இறங்கும் வழி. இரண்டிலும் குறி எதுவும் இல்லை. டேனியல் தன்ர கலத்தைச் செய்தது அதற்குப் பிறகு, 1836-இல்.

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
நன்றி அம்மா. தமிழில் நேர்மின்முனை என்று பெயர் வைத்தவர்கள் மின்னாற்பகுப்பை மனத்தில் வைத்து வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அங்கே அந்தச் சொல் பொருந்தும். வெளியிலிருக்கும் பேட்டரி தன் பிளஸ் முனையால் எலக்ட்ரானை உறிஞ்சுகிறது. அந்த முனையோடு இணைத்த தகட்டிலிருந்து எலக்ட்ரான் பறிபோகிறது, அதாவது அங்கே ஆக்சிஜனேற்றம். ஆகவே அங்கே ஆனோடு பிளஸ்.

டேனியல் கலத்தில் யாரும் உறிஞ்சவில்லை. ஜிங்க் தானாக விட்டுச் செல்கிறது. அதே ஆனோடு இங்கே மைனஸ். எலக்ட்ரான் உலோகத்தை விட்டு வெளிச்சுற்றுக்குக் கிளம்பும் முனை ஆனோடு என்பது மட்டும் இரண்டிலும் மாறவில்லை, பார்த்தாயா? ராஜா, நீங்கள் சொன்ன "எப்பவும் மைனஸ்" இங்கேதான் உடைகிறது.

கயல், தேர்வில் உன் பாடநூல் சொல்லையே எழுது. பக்கத்தில் ஆனோடு என்றும் எழுதி, குறியைத் தனியாகப் போட்டுவிடு. திருத்துபவருக்கும் குழப்பம் வராது.

மின்னல்ராஜா
ஒத்துக்கிறேன் சார். எலக்ட்ரான் தண்ணிக்குள்ள நீந்திப் போகும்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன். நான் எலக்ட்ரிக்கல் வேலை செய்றவன், எங்களுக்கு வயர்ல எங்க கிளம்பிச்சோ அங்கேயே வந்து சேரணும், அதான் சுற்று. இங்க வயருக்கு எலக்ட்ரான், தண்ணிக்கு அயனின்னு ரெண்டு ஆள் மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போறாங்கன்னு வச்சுக்கலாமா?

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
அப்படியே வைத்துக்கொள்ளலாம். கைமாறுகிற இடம் தகட்டின் மேற்பரப்பு. வேதிவினை நடப்பதும் அந்த இடத்தில் மட்டும்தான்.

பாண்டி_ஈரோடு
சார், நீங்க பேட்டரி பத்திப் பேசறதால கேக்கறேன். என் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில மாசாமாசம் டிஸ்டில்ட் வாட்டர் குறையுது. பிளஸ், மைனஸ் மாறிக் கிடக்குமோ? அதனாலதான் தண்ணி குறையுதா?

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
மாறிக் கிடந்தால் இன்வெர்ட்டர் இவ்வளவு நாள் ஓடியிருக்காது. தண்ணீர் குறைவது, சார்ஜ் நிறைந்த பிறகும் எலக்ட்ரானைத் தள்ளிக்கொண்டே இருப்பதால். அவற்றை வாங்கிக்கொள்ள லெட் சல்பேட் மிஞ்சாதபோது தண்ணீர்தான் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும். கொஞ்சம் குறைவது வழக்கம். மாதாமாதம் நிறைய ஊற்ற வேண்டியிருந்தால், சார்ஜ் வோல்ட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பேட்டரி கயலுக்கும் உதவும். மின்சாரம் போய்ப் பேட்டரியிலிருந்து எடுக்கும்போது, லெட் தகட்டிலிருந்து எலக்ட்ரான் கிளம்புகிறது. அது ஆனோடு, மைனஸ். லெட் டை ஆக்சைடு தகடு எலக்ட்ரானை வாங்குகிறது. மின்சாரம் வந்ததும் சார்ஜர் அந்த லெட் டை ஆக்சைடு பக்கத்திலிருந்து எலக்ட்ரானை இழுத்து லெட் பக்கத்துக்குத் தள்ளுகிறது. இப்போது ஆனோடு எது? எலக்ட்ரானை இழக்கும் லெட் டை ஆக்சைடு தகடு. ஆனால் சிவப்பு முனை சிவப்பாகவே இருக்கிறது, பிளஸ் பிளஸாகவே இருக்கிறது. மின்சாரம் போகும்போதும் வரும்போதும் அந்தத் தகட்டின் பெயர் மாறுகிறது, குறி மாறுவதில்லை.

கயல்
இப்போது புரிகிறது சார். சில்வர் கணக்குக்கும் சொல்லுங்கள்.

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
எலக்ட்ரானுக்கு ஜிங்க் மேடு, சில்வர் பள்ளம் என்று வைத்துக்கொள். −0.76, +0.80 என்ற எண்கள் அந்த மேட்டையும் பள்ளத்தையும் குறிக்கின்றன. எங்கிருந்து அளந்தவை? ஹைட்ரஜன் மின்முனையைப் பூச்சியம் என்று வைத்து அளந்தவை, மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்வதைப் போல. எண் எவ்வளவு மைனஸோ அவ்வளவு மேடு, எலக்ட்ரான் அங்கிருந்து அவ்வளவு எளிதாகக் கிளம்பும்.

ஜிங்கிலிருந்து சில்வர் வரை இறக்கம் 0.80 − (−0.76), அதாவது 1.56. அருவியில் ஒரு குடம் தண்ணீர் விழுந்தாலும் இரண்டு குடம் விழுந்தாலும் அருவியின் உயரம் அதேதான். இரண்டு எலக்ட்ரான் இறங்கினாலும் ஒவ்வொன்றும் இறங்குவது அதே 1.56 தான். வோல்ட் என்பது ஒரு கூலோமுக்கு இவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு, எத்தனை கூலோம் என்பது அதற்குள் வராது.

உன் இரண்டு மடங்கு வேறோர் இடத்தில் வருகிறது, மொத்த ஆற்றலில். ஒரு மோல் ஜிங்க் கரைந்தால் 2 × 96500 கூலோம். அதை 1.56 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 301 கிலோஜூல். சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால் இது இரண்டு மடங்காகும், 1.56 அசையாது.

சில்வர் நைட்ரேட் வைத்து நிஜமாகவே செய்தால் பாலத்துக்குப் பொட்டாசியம் குளோரைடு எடுக்காதே. சில்வர் குளோரைடு வெள்ளையாகப் படிந்து, பாலம் அடைத்துக்கொள்ளும். நைட்ரேட்டே போடு.

அது இருக்கட்டும், ஜிங்க்–காப்பர் கலத்துக்கு அட்டவணைப்படி வர வேண்டிய 1.10 வராமல் உனக்கு 1.07 வந்ததே. கரைசலை எப்படித் தயாரித்தீர்கள்?

கயல்
ஜிங்க் சல்பேட் 28.75 கிராம், காப்பர் சல்பேட் 2.5 கிராம், இரண்டும் 100 மி.லி. தண்ணீரில். இரண்டும் 1 மோலார் என்றுதான் எழுதியிருக்கிறோம்.

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
படிக நீரோடு சேர்த்துக் காப்பர் சல்பேட்டின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 249.7. 100 மி.லி.க்கு 1 மோலார் வேண்டுமானால் 25 கிராம் போட்டிருக்க வேண்டும். 2.5 போட்டதால் உன் காப்பர் கரைசல் 0.1 மோலார்தான், ஜிங்க் மட்டும் 1 மோலார்.

எலக்ட்ரானை வாங்க வரும் Cu²⁺ பத்தில் ஒரு பங்காகிவிட்டது. வாங்க ஆள் குறைந்தால் இழுப்பும் குறையும். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில், இரண்டு எலக்ட்ரான் வினைக்குச் செறிவு விகிதம் பத்து மடங்கு மாறினால் 0.0296 வோல்ட் மாறும். 1.10-இல் 0.03 கழித்தால் 1.07. உன் மீட்டர் காட்டியதும் அதுதான்.

தூத்துக்குடி_அந்தோணி
நான் விசைப்படகு வெல்டிங், பராமரிப்பு வேலை பாக்குறவன். படிச்சது பத்தாவது. இரும்புப் படகுல தண்ணிக்கு அடியில ஜிங்க் கட்டி வைப்போம், நாங்க அதையே ஆனோடுன்னுதான் சொல்வோம். இந்தப் பேச்சைப் படிச்சதும் ஒரு சந்தேகம். ஒரு படகுல போன வருஷம் வச்ச ஜிங்க் கட்டி அப்படியே புதுசா இருக்கு, துளி கரையல. முதலாளிக்கு ஒரே சந்தோஷம், நல்ல சரக்குன்னு. ஆனா சுக்கான் அடியில இரும்பு குழிகுழியா அரிச்சிருக்கு. ஜிங்க் கரையாம இருக்கிறது நல்லதா, கெட்டதா?

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
கெட்டது அந்தோணி. கரைவதற்காகத்தான் அதை வைக்கிறோம். அட்டவணையில் ஜிங்க் −0.76, இரும்பு −0.44. ஜிங்க் இன்னும் மேட்டில் இருக்கிறது. அதன் எலக்ட்ரான் இரும்புக்குள் இறங்கி வந்தால், கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும், இரும்பு தன்னுடையதை இழக்க வேண்டியதில்லை. உங்கள் ஜிங்க் கரையவில்லை என்றால் எலக்ட்ரான் கிளம்பவே இல்லை. அப்போது ஆக்சிஜன் இரும்பிடமே வாங்கியிருக்கிறது. அந்தக் குழிகள் அதனால்தான்.

எலக்ட்ரான் போகும் வழியை இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, ஜிங்க் கட்டிக்கும் இரும்புக்கும் இடையே உலோகத்தோடு உலோகம் தொடுகிறதா? போல்ட்டுக்கு அடியில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் எலக்ட்ரானுக்கு வழி இல்லை. இரண்டு, ஜிங்கின் மேல் யாராவது பெயின்ட் அடித்திருக்கிறார்களா? அடித்திருந்தால் Zn²⁺ கடலுக்குள் போக முடியாது, எலக்ட்ரானை விட்டுச் செல்லவும் முடியாது.

தூத்துக்குடி_அந்தோணி
பெயின்ட் அடிக்கல. ஜிங்குக்கு மட்டும் தாள் ஒட்டி மறைச்சுட்டுத்தான் மத்த இடத்துக்கு அடிப்போம். போல்ட்டு அடியில பாக்கணும்.

மின்னல்ராஜா
அண்ணே, கழட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. படகு தண்ணில இருக்கும்போதே ஒரு முனையை ஜிங்க் மேல, இன்னொன்னை இரும்பு மேல வச்சு டிசி வோல்ட் பாருங்க. ரெண்டும் நல்லா இணைஞ்சிருந்தா வயர் போட்டுச் சேர்த்த மாதிரிதான், கிட்டத்தட்ட பூச்சியம் காட்டணும். வோல்ட் காட்டினா இணைப்பு விட்டுப் போச்சுன்னு அர்த்தம். சரிதானே சார்?

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
மிகச் சரி ராஜா. இணைப்பு அறுந்திருந்தால், கடல்நீரில் ஜிங்குக்கும் இரும்புக்கும் ஏறத்தாழ 0.4 வோல்ட் வரும். அட்டவணைப்படி கழித்தால் 0.32 தான், ஆனால் அது 1 மோலார் கரைசலுக்குச் சொன்னது, கடல் அப்படியில்லை. நல்ல இணைப்பென்றால் பூச்சியத்தை ஒட்டி வரும். இங்கே வோல்ட் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வேதவல்லி_யாழ்
சுந்தரம் ஐயா, கயலின் 1.07 பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. கணக்கு அவ்வளவு அச்சொட்டாகப் பொருந்தியதில் எனக்குச் சந்தேகம். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட வேண்டியது செறிவு இல்லை, அயன்கள் உண்மையில் எவ்வளவு வேலை செய்கின்றன எண்ட அளவு. 1 மோலார் நாக சல்பேற்றில் Zn²⁺ அயன்களைச் சுற்றி சல்பேற்று நெருங்கி நிக்கும். அவை 1 மோலாருக்குரிய வேலையில் இருபதில் ஒரு பங்கு கூடச் செய்யாது. 0.1 மோலார் செப்பு சல்பேற்றிலும் குறையும், ஆனால் அவ்வளவு குறையாது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 1.07 இல்லை, 1.09-க்குக் கிட்ட வரவேண்டும். கயலுக்கு 1.07 வந்தது வேறு ஏதோ குறையால் எண்டுதான் நினைக்கிறேன், கணக்கோடு பொருந்தியது தற்செயல்.

பரிசோதித்துப் பார்க்கலாம். கயல், உங்கட செப்புக் கரைசலை 10 மி.லி. எடுத்துத் தண்ணீர் விட்டு 100 மி.லி. ஆக்குங்கோ. மற்றதை மாற்ற வேண்டாம். வெறும் செறிவுக் கணக்கு சரியெண்டால் இன்னும் 30 மில்லிவோல்ட் குறைய வேண்டும். நான் சொல்வது சரியெண்டால் 17-ஐ ஒட்டித்தான் குறையும். ஐதாக்கும்போது அயன்கள் ஒன்றுக்கொன்று விலகி, மிச்சமிருப்பவை கூடச் சுதந்திரமாக வேலை செய்யும். அதனால் உண்மையான குறைவு பத்து மடங்கு இல்லை, நாலு மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. மீற்றரை 20 வோல்ட் அளவில் வைக்காமல் 2 வோல்ட் அளவில் வையுங்கோ, மில்லிவோல்ட் வரை தெரியும்.

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
கோபம் எதற்கு அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். பள்ளிக் கணக்கில் செறிவையே போட்டுப் பழகிய கை. கயல், செய்து பார். தொடங்குவதற்கு முன் ஜிங்க் தகட்டை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்துக் கழுவு. தகடு கறுத்துச் செம்பழுப்பாகப் படிந்திருந்தால், நீலக் கரைசல் எப்படியோ அந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எலக்ட்ரான் வயருக்குப் போகாமல், ஜிங்க் மேலேயே Cu²⁺-க்குக் கைமாறிவிடும், மீட்டருக்கு வேலையே இருக்காது.

கயல்
(நான்கு நாள் கழித்து)
செய்தேன். பழைய தகட்டில் உண்மையிலேயே கீழ்ப்பகுதி கறுத்திருந்தது. வடிதாள் பட்டை வழியாக நீலம் ஏறி வந்திருக்கிறது. புதுப் பட்டை போட்டு, தகட்டைத் தேய்த்து, 2 வோல்ட் அளவில் பார்த்தேன். 0.1 மோலார் காப்பரில் 1.081. 0.01 மோலாரில் 1.063. வித்தியாசம் 18 மில்லிவோல்ட். மூன்று முறை செய்தேன், 17-இலிருந்து 19 வரை வந்தது. 30 ஒருமுறையும் வரவில்லை.

சிவப்பு வயரைக் காப்பரில்தான் வைத்தேன். ஏன் வைக்கிறேன் என்று பக்கத்துத் தோழிக்கும் சொன்னேன்.

வேதவல்லி_யாழ்
அருமை. தேய்த்ததும் 1.07 இலிருந்து 1.08 ஆக ஏறியதைக் கவனித்தீர்களா? தகட்டின் குறை பாதி போய்விட்டது. ஆனால் 1.09-க்கு இன்னும் வரவில்லை. அந்த மிச்சம் பாலத்தில் கரைசல்கள் சந்திக்கிற இடத்தாலா, நாகத்தில் இன்னும் இருக்கிற ஒட்சைட்டுப் படையாலா எண்டு இந்த அளவீட்டை மட்டும் வைத்து என்னால் சொல்ல ஏலாது.

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
எனக்கு ஆக்சைடு மேல்தான் சந்தேகம். பாலம் இருபக்கமும் நைட்ரேட்டாக இருக்கும்போது அங்கே வருவது சில மில்லிவோல்ட்தான். அடுத்த முறை ஜிங்கை நீர்த்த அமிலத்தில் ஒரு நொடி நனைத்துக் கழுவிவிட்டுச் செய்து பார். எண் ஏறினால் ஆக்சைடு, ஏறாவிட்டால் அம்மா சொன்ன பாலம்.

தூத்துக்குடி_அந்தோணி
படகுல பாத்தேன். ஜிங்குக்கும் சுக்கானுக்கும் 0.38 வோல்ட் காட்டுச்சு. மேட்டுக்கு ஏத்திக் கழட்டுனா, போல்ட்டுக்கு அடியில ஒரு நூல் கனத்துக்குத் துரு. சுரண்டிப் பளபளப்பாக்கி, கட்டியோட இரும்புப் பட்டையைச் சுக்கானோட வெல்டே வச்சுட்டேன். தண்ணில இறக்கிப் பாத்தா 0.01.

இப்ப ஒண்ணு கேக்கணும். அதே மீட்டரை ஜிங்குக்கும் ப்ரொபெல்லருக்கும் வச்சேன். ப்ரொபெல்லர் கன்மெட்டல். நின்னா ஒரு எண்ணு, கையால திருப்பித் திருப்பி விட்டா வேற எண்ணு, எகிறிக்கிட்டே இருக்கு. ஷாப்ட் சுத்தும்போது இணைப்பு இருக்கா இல்லையா?

மின்னல்ராஜா
பேரிங்ல எண்ணெய்ப் படலம் இருக்கும் அண்ணே, சுத்தும்போது உலோகம் உலோகத்தைத் தொடாது. மோட்டார்ல கார்பன் பிரஷ் வைக்கிற மாதிரி ஷாப்ட் மேல ஒரு பிரஷ் உரசுற மாதிரி வைக்கணும்.

சுந்தரம் (ஓய்வு, வேதியியல் ஆசிரியர்)
கப்பல்களில் அப்படி வைப்பதுண்டு. ஆனால் உங்கள் படகில் வைப்பதால் ஜிங்குக்கு வேலை கூடும். கன்மெட்டலுக்கும் சேர்த்து எலக்ட்ரான் கொடுக்க வேண்டியிருக்கும், கட்டி சீக்கிரம் கரையும். சுக்கானுக்கு மிஞ்சுமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியவில்லை. பிரஷ் வைத்தால் கட்டியின் எடையை முன்னும் பின்னும் குறித்து வையுங்கள்.

தூத்துக்குடி_அந்தோணி
இப்ப வச்சிருக்கிற கட்டி 4 கிலோ 200. அடுத்து மேட்டுக்கு ஏறும்போது போட்டுச் சொல்றேன்.